கண்ட்ரோல் சார்ட் பொய் சொல்கிறதா? சப்குரூப் அளவையும் மாதிரி இடைவெளியையும் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சார்ட்டில் கோளாறு தெரிந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். கணக்கு அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். எந்தப் பீஸ்களைச் சேர்த்து ஒரு சப்குரூப் ஆக்கினோம், எத்தனை பீஸ் எடுத்தோம், எப்போது எடுத்தோம் என்ற மூன்றில்தான் பிழை ஒளிந்திருக்கும். இந்த மூன்றில் எது தவறு என்பதைச் சார்ட்டின் தோற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

விளக்கத்துக்கு ஒரே லைனை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பிண்டில் உள்ள ஒரு சி.என்.சி. லேத், இரும்பு புஷ்ஷின் வெளி விட்டத்தைக் கடைகிறது. அளவு 25.000 மி.மீ., டாலரன்ஸ் கூட்டியும் குறைத்தும் 20 மைக்ரான். ஸ்பிண்டிலுக்கு மணிக்கு 40 பீஸ், இரண்டும் சேர்ந்து 80. இரண்டு ஸ்பிண்டிலின் பீஸ்களும் ஒரே சரிவுத் தட்டில் வந்து விழுகின்றன. ஒரு ஸ்பிண்டிலை மட்டும் குறுகிய நேரத்துக்குக் கவனித்தால், அதன் இயல்பான சிதறல் 3 மைக்ரான் சிக்மா. இந்த எண்கள் கடைசி வரை கூட வரும்.

அறிகுறி 1: புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே ஓடுகின்றன

பார்க்க அழகாக இருக்கும். ஆடிட்டில் பாராட்டுகூடக் கிடைக்கும். ஆனால் சார்ட்டுகளிலேயே ஆபத்தானது இதுதான். எல்லைக்கோடுகளுக்கு நடுவில் உள்ள அகலத்தில், மையத்து மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே தொடர்ந்து 15 புள்ளிகள் விழுந்தால், ப்ராசஸ் பிரமாதம் என்று அர்த்தமில்லை. எல்லைகள் தேவைக்கு மேல் அகலமாகிவிட்டன என்றுதான் அர்த்தம்.

ஏன் அகலமாகின்றன? தட்டிலிருந்து 4 பீஸ் எடுக்கிறார்கள். அதில் இரண்டு A ஸ்பிண்டிலுடையது, இரண்டு B உடையது. A-யின் சராசரி மையத்துக்கு 6 மைக்ரான் மேலே, B-யின் சராசரி 6 மைக்ரான் கீழே என்று வைத்துக்கொள்வோம். அந்த நாலு பீஸின் ரேஞ்சில் ஸ்பிண்டிலின் இயல்பான சிதறலோடு, இரண்டு ஸ்பிண்டிலுக்கும் இடையிலுள்ள 12 மைக்ரான் வித்தியாசமும் சேர்ந்துவிடும். சராசரி ரேஞ்ச் ஏறத்தாழ 15.4 மைக்ரான் வரும். எல்லைக்கோட்டைப் போடுவது அந்த ரேஞ்ச்தான்:

```
எல்லை = X̿ ± A2 × R̄
n=4 : A2 = 0.729
0.729 × 15.4 = 11.2 மைக்ரான்
```

ஆனால் நாலு பீஸின் சராசரி உண்மையில் எவ்வளவு ஆடும்? ஒவ்வொரு சப்குரூப்பிலும் A இரண்டு, B இரண்டு என்று சமமாக இருப்பதால் ஸ்பிண்டில் வித்தியாசம் சராசரியில் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது 3 மைக்ரானை 4-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் 1.5 மைக்ரான்தான். இந்தச் சராசரிக்கு 4.5 மைக்ரான் எல்லையே போதும். நாம் போட்டிருப்பதோ 11.2.

இப்போது A-யில் இன்செர்ட் சற்று நகர்ந்து, விட்டம் 9 மைக்ரான் ஏறிவிட்டது என்று வைப்போம். A-யின் சராசரி இப்போது மையத்துக்கு 15 மைக்ரான் மேலே. அதன் பீஸ்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து 20 மைக்ரானைத் தாண்டி ரிஜெக்ட் ஆகும். கலந்த சப்குரூப்பின் சராசரியோ 4.5 மைக்ரான்தான் நகரும், 11.2-ஐத் தொடாது. ரேஞ்ச் 15.4-லிருந்து 24 அளவுக்கு உயரும். ரேஞ்ச் சார்ட்டின் மேல் எல்லை 35 என்பதால் அதுவும் வாய் திறக்காது. இரண்டு சார்ட்டும் அமைதியாக இருக்க, ரிஜெக்ட் மட்டும் கஸ்டமர் லைனில் போய் நிற்கும்.

சோதிக்கும் வழி எளிது. ஒரே ஒரு ஷிஃப்டுக்கு A-யின் பீஸ்களில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள், அல்லது தட்டில் நடுவே தடுப்பு வைத்துப் பிரியுங்கள். ஸ்பிண்டிலுக்கு 20 பீஸ் அளந்து இரண்டு சராசரியையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒரு ஸ்பிண்டிலின் சிக்மாவை எட்டினாலே கலக்கக் கூடாது.

தீர்வுக்கு அளவுச் சுமையைக் கூட்ட வேண்டியதில்லை. அதே நாலு பீஸ்தான். A-க்கு ஒரு சார்ட்டில் இரண்டு, B-க்கு இன்னொரு சார்ட்டில் இரண்டு. n=2 என்றாகும்போது A2 = 1.880, சராசரி ரேஞ்ச் 3.4 மைக்ரான், எல்லை 6.4 மைக்ரான். அதே 9 மைக்ரான் தாவலை இந்தச் சார்ட் முதல் மாதிரியிலேயே பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 89.

நாலு கேவிட்டி மோல்டு, எட்டுத் தலை ஃபில்லிங் மெஷின், இரண்டு பக்கமும் வெல்டு அடிக்கும் ஃபிக்ஸ்சர் எல்லாவற்றிலும் கதை இதுதான். கேவிட்டிக்கு ஒன்று வீதம் நாலு எடுத்துச் சப்குரூப் ஆக்குவது வசதியாகத் தெரியும். சார்ட்டை ஊமையாக்குவதும் அந்த வசதிதான்.

அறிகுறி 2: பாதிப் புள்ளிகள் எல்லைக்கு வெளியே, பீஸ்களோ எல்லாம் நல்லவை

இது முதல் அறிகுறியின் தலைகீழ். சப்குரூப்புக்குள் சிதறல் மிகக் குறைவாகத் தெரிவதால் எல்லைகள் ஒடுங்கிவிட்டன. எங்கிருந்து வந்த குறைவு என்பதைக் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள், எளிதானது முதலில்.

சப்குரூப்பில் இருப்பது உண்மையிலேயே வெவ்வேறு பீஸ்களா? ஒரே புஷ்ஷைத் திருப்பித் திருப்பி நாலு இடத்தில் அளந்து நாலு கட்டத்தில் எழுதியிருந்தால், அந்த ரேஞ்ச் காட்டுவது புஷ்ஷின் வட்டப் பிசகை மட்டுமே. பீஸுக்குப் பீஸ் வரும் மாற்றம் அதில் இல்லவே இல்லை. அப்படியானால் நாலு அளவையும் சராசரியாக்கி ஒரே மதிப்பாக வைத்துக்கொண்டு, அடுத்த பீஸை அளக்க வேண்டும்.

அடுத்து, கேஜ். சிக்மா 3 மைக்ரான் உள்ள இடத்தில் 10 மைக்ரான் லீஸ்ட் கவுண்ட் உள்ள மைக்ரோமீட்டரால் அளந்தால் ரேஞ்ச் பத்தியில் 0, 10 இரண்டே எண்கள்தான் வரும். ரேஞ்ச் சார்ட்டின் எல்லைக்குள் குறைந்தது நாலைந்து வெவ்வேறு மதிப்புகளாவது விழ வேண்டும். விழவில்லையென்றால் அந்த எல்லைகளை நம்பாதீர்கள். n-ஐ 5-லிருந்து 10 ஆக்கினாலும் இது தீராது. 1 மைக்ரான் காட்டும் கம்பரேட்டரோ ஏர் கேஜோ வேண்டும்.

இரண்டும் சரி என்றால், சிதறல் சப்குரூப்புகளுக்கு இடையில் இருக்கிறது. புள்ளிகளை வரிசையாகப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறினால் அது டூல் தேய்மானம். நம் லைனில் இன்செர்ட் தேயத் தேய விட்டம் மணிக்கு 2 மைக்ரான் ஏறுகிறது. 160 பீஸுக்கு ஒருமுறை, அதாவது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை முனையை மாற்றுகிறார்கள். ஆக, சராசரி மையத்துக்குக் கீழே 4-லிருந்து மேலே 4 வரை ஊர்கிறது. தொடர்ச்சியாக 4 பீஸ் எடுத்தால் எல்லை 4.5 மைக்ரான். முனை மாற்றுவதற்குச் சற்று முன்பும் மாற்றியவுடனும் எடுக்கும் மாதிரிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எல்லையைத் தாண்டும். பீஸ்கள் எல்லாம் டாலரன்ஸுக்குள் வசதியாக இருப்பதால் ஆப்பரேட்டருக்குச் சார்ட் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

இங்கே பலரும் செய்வது, ஒரு சப்குரூப்பின் நாலு பீஸையும் நாலு மணி நேரத்தில் பரப்பி எடுப்பது. ரேஞ்சில் தேய்மானமும் ஏறிக்கொள்ளும், எல்லை விரியும், சத்தம் அடங்கும். காய்ச்சல் இறங்க தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்குவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. தாவல் ஒன்று நடுவில் நடந்தால், சப்குரூப்பில் பாதி பழையது பாதி புதியது என்றாகி அதுவும் ரேஞ்சுக்குள் கரைந்துவிடும்.

தொடர்ச்சியாகவே எடுங்கள், தேய்மானத்தைத் தனியாகக் கையாளுங்கள். கண்ட்ரோலரில் பீஸ் எண்ணிக்கையை வைத்து 20 பீஸுக்கு ஒருமுறை 1 மைக்ரான் ஆஃப்செட் குறையும்படி வைத்தால் ரம்பப் பல் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆப்பரேட்டர் ஒவ்வொரு அளவையும் பார்த்து ஆஃப்செட் தட்டுவது வேறு விஷயம்; அது இயல்பான சிதறலைத் துரத்துவதாகி, சிதறலைக் கூட்டிவிடும். எண்ணிக்கைப்படி செய்வதில் அந்தக் கெடுதல் கிடையாது. ஆஃப்செட்டைத் தொட முடியாத மெஷின் என்றால் நடுக்கோட்டையே மணிக்கு 2 மைக்ரான் சரிவில் வரைந்து, அதற்கு மேலும் கீழும் அதே 4.5 மைக்ரானில் இணைகோடு போடுங்கள்.

புள்ளிகள் ரம்பமாக இல்லாமல் பேட்சுக்குப் பேட்ச் படியாகத் தாவினால் வேறு மருந்து. ஹீட் ட்ரீட்மென்ட் உலை, பெயின்ட் கலவை போன்றவற்றில் ஒரு பேட்சுக்குள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் பேட்சுகளுக்கு இடையில்தான். அங்கே பேட்சின் சராசரியை ஒற்றை மதிப்பாக எண்ணி, அடுத்தடுத்த சராசரிகளின் வித்தியாசத்திலிருந்து எல்லை போடும் தனிமதிப்புச் சார்ட் வரையுங்கள்: சராசரி நகர்வு ரேஞ்சின் 2.66 மடங்கு. பேட்சுக்குள்ளான ரேஞ்சைத் தனிச் சார்ட்டில் தொடருங்கள். ஒரே பேட்சிலிருந்து பத்துப் பீஸ் எடுத்தாலும் அங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒரு மாதிரிதான்.

அறிகுறி 3: சார்ட் பிடிக்கிறது, ஆனால் நேரம் கடந்து

எல்லைக்கு வெளியே புள்ளி வரும்போது ரிஜெக்ட் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். n-உம் இடைவெளியும் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்குவது இங்கேதான். ப்ராசஸ் நகர்ந்த பிறகு அதைப் பிடிக்கச் சராசரியாக எத்தனை மாதிரி ஆகும் என்பதை இந்த அட்டவணை சொல்கிறது. மூன்று சிக்மா எல்லை மட்டும், வேறு விதி எதுவும் இல்லை.

| n | 1 சிக்மா நகர்வு | 1.5 சிக்மா | 2 சிக்மா |
|---|---|---|---|
| 1 | 44 | 15 | 6.3 |
| 2 | 18 | 5.3 | 2.3 |
| 4 | 6.3 | 2.0 | 1.2 |
| 5 | 4.5 | 1.6 | 1.1 |
| 9 | 2.0 | 1.1 | 1.0 |

எண்ணை இடைவெளியால் பெருக்கினால் நேரம் கிடைக்கும். மணிக்கு 5 பீஸ் அளக்க ஆள் இருக்கிறார் என்று வைப்போம். மணிக்கு ஒருமுறை ஐந்தாக எடுத்தால் 1 சிக்மா நகர்வைப் பிடிக்க நாலரை மணி நேரம். அதையே 12 நிமிடத்துக்கு ஒன்றாகப் பிரித்தால் 44 மாதிரி, ஏறத்தாழ 9 மணி நேரம். 3 சிக்மா நகர்வுக்கோ கணக்கு திரும்பிவிடுகிறது: மணிக்கு ஐந்து என்றால் அடுத்த மாதிரி வரை காத்திருக்க வேண்டும், 12 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 24 நிமிடத்தில் பிடிபடும். சிறு நகர்வுக்குப் பெரிய n, பெரிய தாவலுக்குச் சிறிய n அடிக்கடி.

அப்படியானால் நமக்கு எந்த நகர்வு முக்கியம்? டாலரன்ஸைக் கேளுங்கள். இரண்டு ஸ்பிண்டிலையும் மையத்துக்குக் கொண்டுவந்தாகிவிட்டது, சிக்மா 3, டாலரன்ஸ் 20. 2 சிக்மா நகர்ந்தாலும் எல்லைக்கு 14 மைக்ரான் மிச்சம். ஒரு ரிஜெக்டும் வராது. 3 சிக்மாவிலும் பத்தாயிரத்துக்கு ஒன்று அளவுதான். 4 சிக்மா நகர்ந்தால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ நாலு. ஆக, பிடிக்க வேண்டியது 3 சிக்மா; அதற்கு n=2 போதும். ஸ்பிண்டிலுக்கு இரண்டு பீஸ், அரை மணிக்கு ஒருமுறை: மணிக்கு மொத்தம் 8 பீஸ் அளவு. ஸ்பிண்டிலுக்கு மணிக்கு ஐந்து எடுத்தால் ஆகும் 10-ஐவிடக் குறைவு, பிடிப்பும் விரைவு.

அதே லைனுக்கு டாலரன்ஸ் 10 மைக்ரான் என்று ட்ராயிங் மாறினால் இந்த முடிவு செல்லாது. அப்போது 1 சிக்மா நகர்ந்தாலே நூற்றுக்கு ஒன்று ரிஜெக்ட் ஆகிவிடும். n=2 அதைப் பிடிக்க 18 மாதிரி எடுத்துக்கொள்ளும். அங்கே ஐந்துக்குக் குறையக் கூடாது. எல்லா மெஷினுக்கும் ‘n=5, மணிக்கு ஒருமுறை’ என்று ஒரே ஃபார்மட் அச்சடிப்பது ஏன் தப்பு என்பதற்கு இந்த இரண்டு ட்ராயிங்குமே சாட்சி.

இடைவெளிக்கு இன்னொரு கடிவாளம் உண்டு: பெட்டி. 80 பீஸ் கொள்ளும் பெட்டி மணிக்கு ஒன்று நிரம்பி அடுத்த செக்‌ஷனுக்குப் போகிறது என்றால், பெட்டி மூடுவதற்கு முன் குறைந்தது ஒரு மாதிரியாவது முடிந்திருக்க வேண்டும். புள்ளி வெளியே போனால் கடைசி நல்ல மாதிரி வரை பின்னோக்கிப் பிரித்து அளப்பது வழக்கம். பெரிய தாவலுக்கு அது போதும். சிறு நகர்வுக்கு அட்டவணையைப் பாருங்கள். ‘நல்ல’ மாதிரி என்று நினைத்ததே நகர்ந்த பிறகு எடுத்ததாக இருக்கலாம். அதனால் இரண்டு மாதிரிக்குப் பின்னால் போய் நிறுத்துவது பாதுகாப்பு.

அறிகுறி 4: சார்ட் சுத்தம், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் மட்டும் தொல்லை

ஸ்பிண்டில் கலப்பும் இல்லை, n-உம் போதுமானது என்றால் மாதிரி எடுக்கும் நேரத்தைச் சந்தேகியுங்கள். முனை 4 மணிக்கு ஒருமுறை மாறுகிறது, மாதிரி 2 மணிக்கு ஒருமுறை எடுக்கிறார்கள் என்றால் சார்ட் பார்ப்பது டூல் வாழ்வின் இரண்டே கட்டங்களை: மாற்றியவுடன், பாதி வழியில். தேய்ந்த முனையின் கடைசி ஐம்பது பீஸ்களைச் சார்ட் ஒருநாளும் கண்டதில்லை. மாதிரி எடுக்க வேண்டிய நேரம் நெருங்கும்போது, ‘முனையை மாற்றிவிட்டே எடுப்போம்’ என்று ஆப்பரேட்டர் நினைப்பதும் உண்டு. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விளைவு மட்டும் அதேதான்.

செக் ஷீட்டில் ஒரு பத்தி கூட்டுங்கள்: மாதிரி எடுத்தபோது டூல் கவுண்டரில் இருந்த எண். ஒரு வாரம் கழித்து அந்த எண்களை மட்டும் பாருங்கள். 1-லிருந்து 160 வரை பரவியிருக்க வேண்டும். 5-க்குப் பக்கத்திலும் 80-க்குப் பக்கத்திலும் மட்டும் குவிந்திருந்தால் நோய் அதுதான். அரை மணிக்கு ஒருமுறை என்றானாலே பாதி தீரும். மீதிக்கு, ஒவ்வொரு அரை மணிக்குள்ளும் எந்த நிமிடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி ஷிஃப்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். முனை மாற்றிய பிறகு செட்டிங் சரிபார்க்க அளக்கும் பீஸ்கள் இந்தக் கணக்கில் சேராது. அவை தனித் தாளில் போகட்டும்.

அறிகுறி 5: எந்நேரமும் அலாரம், தேடினால் காரணம் கிடைப்பதில்லை

இது அடிக்கடி எடுப்பதற்குக் கொடுக்கும் விலை. ப்ராசஸில் எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும் சராசரிச் சார்ட் ஏறத்தாழ 370 புள்ளிக்கு ஒருமுறை வெளியே காட்டும். பன்னிரண்டு சார்ட், மூன்று ஷிஃப்ட், அரை மணிக்கு ஒரு புள்ளி என்றால் நாளுக்கு 576 புள்ளி. ஒன்றிரண்டு பொய் அலாரம் வந்தே தீரும். மென்பொருளில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் விதிகள் நாலையும் ஒன்றாக இயக்கினால் 370 என்பது 92 அளவுக்கு இறங்கிவிடும்; நாளுக்கு ஆறு அலாரம். மூன்றாவது நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லை தாண்டிய விதியோடு, நடுக்கோட்டின் ஒரே பக்கம் தொடர்ந்து எட்டுப் புள்ளி என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைப்பது நல்லது. டாலரன்ஸில் இடம் தாராளமாக உள்ள சார்ட்டுகளில் எட்டுப் புள்ளி விதியும் வேண்டாம்.

அறிகுறி 6: n-ஐக் குறைத்த மறுநாளே சார்ட் கெட்டுப்போனது

பழைய எல்லைக்கோட்டை மாற்ற மறந்துவிட்டார்கள். n=4-க்குப் போட்ட 4.5 மைக்ரான் எல்லையில் n=2 சராசரிகளைப் போட்டால் ஏறத்தாழ முப்பதுக்கு ஒரு புள்ளி வீணாக வெளியே போகும். ரேஞ்ச் சார்ட்டிலோ புள்ளிகள் பெரும்பாலும் நடுக்கோட்டுக்குக் கீழேயே கிடக்கும். சிதறல் குறைந்துவிட்டதென்று யாராவது மகிழ்ந்துபோகக்கூடும். புதிதாக 25 சப்குரூப் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரே ஸ்பிண்டிலில் n=4-க்குச் சராசரி ரேஞ்ச் 6.2 மைக்ரான்; அந்தப் பழைய ரேஞ்சையே மாற்றிக்கொள்ளலாம்:

```
R̄(புதிது) = R̄(பழையது) × d2(புதிது) / d2(பழையது)
d2 : n=2 → 1.128   n=4 → 2.059   n=5 → 2.326

6.2 × 1.128 / 2.059 = 3.4
சராசரி எல்லை : 1.880 × 3.4 = ±6.4
ரேஞ்ச் மேல் எல்லை : 3.267 × 3.4 = 11.1
```

பழைய சப்குரூப் ஒரே ஸ்பிண்டிலிலிருந்து தொடர்ச்சியாக எடுத்ததாக இருந்தால்தான் இந்தக் குறுக்குவழி பொருந்தும். அறிகுறி 1-இல் பார்த்த கலப்புச் சார்ட்டின் 15.4-ஐ இதில் போட்டால் பழைய பிழையே புது எண்ணாக வந்து உட்காரும். அங்கே ஸ்பிண்டிலுக்கு 25 சப்குரூப் புதிதாக எடுத்தே ஆக வேண்டும். அரை மணி இடைவெளியில் அது பன்னிரண்டரை மணி நேர வேலை.